பத்திரத்தில் "நிலம்" என்று இருந்தால் நின்று படியுங்கள்

கேள்வி: கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஆடிட்டில் அடமானச் சொத்தின் பத்திரம், மதிப்பீடு, இன்சூரன்ஸ் மூன்றையும் எப்படிச் சரிபார்ப்பது? பேனல் வக்கீலும் வேல்யூவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டதை நாம் மறுபடி பார்க்க வேண்டுமா?

நீங்கள் சி.ஏ. பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பில் இருப்பவர் என்றும், கையில் நாற்பது ஃபைலும் இரண்டே நாளும் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மறுபடி பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வக்கீல் செய்த வேலையை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம். அவர் கருத்துரை, வேல்யூவர் அறிக்கை, இன்சூரன்ஸ் பாலிசி மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, மூன்றும் ஒரே சொத்தைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகவே இருக்கும். பிழை அவற்றுக்கு நடுவில்தான் கிடக்கும்.

எனக்கு இது புரிந்தது சித்தூர் தாலுகாவில். ஆந்திராவின் சித்தூர் இல்லை, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் எல்லாரும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பத்திரமும் வில்லேஜ் ஆபீஸ் காகிதமும் மலையாளத்தில் இருக்கும். ஒரு கடன் நிறுவனத்தின் கிளை ஆடிட். சொத்தின் மேல் கொடுத்த வியாபாரக் கடன் 60 லட்சம். சொத்து மதிப்பில் 60 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது அவர்களுடைய விதி. வேல்யூவர் ஒரு கோடியே 90 ஆயிரம் என்று போட்டிருந்தார். வக்கீல் உரிமை தெளிவு என்று எழுதியிருந்தார். குடிக்கட சர்டிபிகேட்டில், அதாவது நம்ம வில்லங்கச் சான்றில், ஒன்றுமில்லை. கரம் கட்டிய ரசீதும் புதிது. பார்த்தவுடன் டிக் அடித்துவிட்டுப் போகும் ஃபைல்.

நான் முதலில் ஸ்ட்ராங் ரூமைத் திறக்கச் சொல்லி அசல் ஆதாரத்தை, அதாவது பத்திரத்தை, கேட்டேன். பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானத்தில் அந்த அசல்தான் பிடி. ஸ்கேனைப் பார்ப்பது பார்ப்பதாகாது. சார்பதிவகத்தில் வாங்கிய நகலை அசல் என்று வாங்கி வைத்திருக்கும் கிளைகளும் உண்டு. அசல் வேறொரு இடத்தில் அடமானத்தில் கிடக்கலாம், வில்லங்கச் சான்றில் அது வராமலும் போகலாம். அதற்காக, அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடான செர்சாயிலும் தேடிப் பார்க்க வேண்டும். இங்கே அசல் இருந்தது, முன்னாதாரம் என்கிற முந்தைய பத்திரமும் இருந்தது.

பத்திரத்தில் சொத்து விவரம் எழுதிய தபசிலைப் படித்தேன். இரண்டு சர்வே எண். ஒன்று 4.86 ஆர், "புரயிடம்", அதாவது வீட்டு மனை. மற்றது 27.14 ஆர், "நிலம்". ஒரு ஆர் என்பது 2.47 சென்ட். ஆக 12 சென்டும் 67 சென்டும், மொத்தம் 79 சென்ட்.

தமிழில் நிலம் என்றால் பொதுவாக பூமி. கேரளத்து வருவாய்க் காகிதத்தில் நிலம் என்றால் நெல் வயல், நம்ம நஞ்சை. வேல்யூவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வக்கீலின் கருத்துரையில் அந்தச் சொல் அப்படியே இருந்தும், தன் அறிக்கையில் "காலி நிலம்" என்று எழுதி, 79 சென்டுக்கும் வீட்டு மனை விலையாக சென்டுக்கு 1,10,000 ரூபாய் போட்டுவிட்டார். அது 86 லட்சத்து 90 ஆயிரம். வீட்டுக் கட்டடம் 14 லட்சம்.

இடத்துக்குப் போனேன். அறிக்கையில் இருந்த நான்கு போட்டோவும் ரோட்டில் நின்று வீட்டை எடுத்தவை. வீட்டைச் சுற்றிப் பின்னால் நடந்தால் வரப்பு, அறுத்த தாள், வாய்க்கால். கடன் வாங்கியவரின் அப்பா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். "இதுவும் உங்க இடந்தானுங்களா?" என்று கேட்டேன். "ஆமாங் தம்பி. இது நெலம். வூடு இருக்கறதுதான் பறம்பு. ரண்டு வெளையும் எடுக்கறோம்" என்றார். யாரும் எதையும் மறைக்கவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டிலும் நிலம்தான். வேளாண் அலுவலகமான கிருஷி பவனில், நெல் வயல்களின் பட்டியலான டேட்டா பேங்கிலும் அந்த சர்வே எண் நெல் வயலாக இருந்தது. 2008-ல் வந்த நெல் வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை மண் போட்டு நிரப்பி மனையாக விற்க முடியாது. முதலில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்டிஓவிடம் ஐந்தாம் நம்பர் படிவம் கொடுத்து டேட்டா பேங்கிலிருந்து நீக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தரம் மாற்ற விண்ணப்பம். விளைந்துகொண்டிருக்கும் வயலுக்கு அது எளிதில் நடக்காது. கடன் வராமல் போனால் நிறுவனம் ஏலம் விடப்போவது வயலைத்தான்.

அந்த வட்டாரத்தில் சமீபத்தில் பதிவான வயல் பத்திரங்கள் சென்டுக்கு 25,000 ரூபாயை ஒட்டி இருந்தன. பறம்பு 12 சென்ட் 13 லட்சத்து 20 ஆயிரம், வயல் 67 சென்ட் 16 லட்சத்து 75 ஆயிரம், கட்டடம் 14 லட்சம். கூட்டினால் 44 லட்சத்துக்கு ஐயாயிரம் குறைவு. அதில் 60 சதவீதம் 26 லட்சம் சொச்சம். கொடுத்திருந்தது 60 லட்சம்.

பிறகு பாலிசி. காப்புத் தொகை 60 லட்சம். எப்படி வந்தது இந்த எண்? கடன் தொகையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். தீயும் வெள்ளமும் கட்டடத்தைத்தான் அழிக்கும். பூமிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. முழுதும் எரிந்தாலும் அந்த வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் வராது. மிச்சத் தொகைக்கான பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்து, அதற்கும் அந்தக் குடும்பத்திடம் வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். பாலிசியில் சர்வே எண் இல்லை, பஞ்சாயத்துப் பெயர் மட்டும். இழப்பீடு கடன் கொடுத்தவருக்குப் போக வேண்டும் என்ற பேங்க் கிளாஸ் இல்லை. ஒரு வருஷப் பாலிசி, முடிந்து ஐந்து மாதம். கடனோ 15 வருஷத்துக்கு.

"ஆடிட்டர் என்ன வேல்யூவரா?" என்று யாராவது கீழே கமெண்டில் வந்து கேட்பீர்கள். இல்லைதான். நான் விலை சொல்லவில்லை. ஆனால் நிர்வாகம் அமர்த்திய நிபுணரின் வேலையை நம்புவதற்கு முன் அதன் அடிப்படைத் தகவல் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வது ஆடிட் தரநிலை 500. வேல்யூவர்கள் எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. இவர் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தார், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை நானும் தப்பாகப் படித்திருப்பேன். தமிழ் மீடியத்தில் படித்தவன், மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கவே வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன். இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், எங்கள் கிழவர்கள் இன்றும் தங்கள் சொந்த ஆதாரத்தை எடுத்துக்கொண்டு படித்துச் சொல்ல ஆள் தேடுகிறார்கள். பஸ் போர்டைக்கூட பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேனேஜர் "தவணை ஒழுங்கா வருதே சார்" என்றார். உண்மைதான், ஒரு தவணைகூடத் தவறவில்லை. அதனால் கடனை வாராக்கடன் என்று எழுதவில்லை. பாதுகாப்பு போதாது என்று மட்டும் எழுதினேன். அதே வேல்யூவரின் மற்ற ஃபைல்களைக் கேட்டு வாங்கினேன். 22 இருந்தன. ஒவ்வொன்றிலும் தபசிலில் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடினேன். இன்னும் மூன்றில் இருந்தது.