கட்டில் வரவில்லை: கடைக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் வினைக்காலம்

கேள்வி: கட்டில் டெலிவரி தாமதமானதால் கடைக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். பெங்களூரில் ஆங்கில வழியில் படித்ததால் எழுத்துத் தமிழில் காலம் தடுமாறுகிறது. திருத்தித் தந்து, ஏன் என்றும் சொல்ல முடியுமா?

"ஜூன் 2 அன்று உங்கள் கடையில் கட்டில் ஆர்டர் செய்து ரூ.10,000 முன்பணம் கட்டியிருந்தேன். ஜூன் 12க்குள் வீட்டுக்கு அனுப்பியதாகச் சொன்னீர்கள். இன்று வரை கட்டில் வராது. போன் செய்தால் நாளை வருகிறது என்பார்கள். ஜூன் 30க்குள் கட்டில் வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கிறேன். முன்பணத்தைத் திருப்பித் தருவீர்கள் என்று எதிர்பார்த்தேன்."

பதில்:

சில வருடங்கள் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில், வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்தேன். அந்த மேசையில் இருந்து பார்த்தால் உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் படுவது இரண்டாவது வரிதான். மற்ற பிழைகள் நடையைக் கெடுக்கின்றன. இது உங்கள் புகாரையே கவிழ்த்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"ஜூன் 12க்குள் அனுப்பியதாகச் சொன்னீர்கள்" என்றால், கட்டில் ஏற்கெனவே கடையை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று கடைக்காரர் சொன்னார் என்று பொருள். அவர் சொன்னது அதுவல்ல. இனிமேல் அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆங்கிலத்தில் 'சொன்னார்' என்பது இறந்தகாலமாக இருந்தால் அவர் சொன்ன விஷயத்தின் வினையும் கூடவே பின்னால் நகரும். தமிழில் அந்தப் பழக்கம் கிடையாது. சொன்ன நேரத்தில் அந்தச் செயல் முடிந்திருந்ததா, நடந்துகொண்டிருந்ததா, நடக்க இருந்ததா என்பதை மட்டும் உள்ளே இருக்கும் வினை காட்டும். முடிந்திருந்தால் 'அனுப்பியதாக', நடந்துகொண்டிருந்தால் 'அனுப்பிக்கொண்டிருப்பதாக', நடக்க இருந்தால் 'அனுப்புவதாக'. இந்த மூன்றுக்கும் பின்னால் 'சொன்னீர்கள்' அப்படியே நிற்கும். அதைத் தொடவே வேண்டாம்.

ஆகவே உங்கள் வரி "ஜூன் 12க்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள்" என்று இருக்க வேண்டும். இந்த இரண்டு எழுத்து மாற்றம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், கடையில் இதைப் படிப்பவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். 'அனுப்பியதாக' என்று பார்த்ததும் அவர் லாரி புக்கிங் ரசீதைத் தேடப் போவார். அப்புறம் "டிரான்ஸ்போர்ட்டில் விசாரித்து வருகிறோம்" என்று ஒரு பதில் வரும். தாமதம் கடையின் தலையில் இருந்து இறங்கி லாரிக்காரர் தலையில் ஏறிவிடும். 'அனுப்புவதாக' என்று இருந்தால் அந்த வழி அடைபடும். வாக்குக் கொடுத்தது கடை, தேதி ஜூன் 12, அந்தத் தேதி போய்விட்டது. அவ்வளவுதான்.

அடுத்து, "முன்பணம் கட்டியிருந்தேன்". பேச்சில் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம். "ஒரு ஆர்டர் கொடுத்திருந்தேனே, என்னாச்சு?" என்று கேட்பது நேரடியாகக் கேட்பதைவிடக் கொஞ்சம் பணிவாகவும் தோன்றும். எழுத்தில் 'இருந்தேன்' என்ற வால் ஒட்டினால், படிப்பவர் அதற்குப் பிறகு நடந்த இன்னொன்றை எதிர்பார்ப்பார். கட்டியிருந்தேன், சரி, அப்புறம் என்ன ஆயிற்று? கேன்சல் செய்தீர்களா, திரும்ப வாங்கிக்கொண்டீர்களா? தேதி போட்டுச் சொல்லும் ஒரு நிகழ்ச்சிக்கு வெறும் இறந்தகாலமே போதும்: "ஜூன் 2 அன்று ரூ.10,000 முன்பணம் செலுத்தினேன்." அந்தப் பணம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டுமானால், அதைத் தனியாக நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: "அந்தத் தொகை இன்று வரை தங்களிடமே உள்ளது."

'இருந்தேன்' வடிவமே தவறு என்று நினைத்துவிட வேண்டாம். கடந்துபோன ஒரு நிகழ்ச்சிக்கும் முந்தைய ஒன்றைச் சொல்லும்போது அதுதான் சரி. உதாரணமாக, ஜூன் 12ஐ நம்பிப் பழைய கட்டிலை முந்தின நாளே அப்புறப்படுத்தியிருந்தால் இப்படி எழுதலாம்: "தங்கள் பேச்சை நம்பிப் பழைய கட்டிலை 11ஆம் தேதியே அப்புறப்படுத்தியிருந்தேன்; மறுநாள் வண்டி வரவில்லை." வண்டி வராதது கடந்தகாலம், பழைய கட்டிலை அப்புறப்படுத்தியது அதற்கும் முன்னால். உங்களுக்கு அப்படி ஏதாவது நஷ்டம் இருந்தால் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதத்தால் என்ன பாதிப்பு என்பது புகாரில் எடுபடும் விஷயம்.

"இன்று வரை கட்டில் வராது" என்பதை 'வரவில்லை' என்று மாற்றுங்கள். 'வராது' என்பது இனிமேல் நடக்காததையும், பொதுவாகவே நடக்காததையும் சொல்லும். "அந்தப் பஸ் இந்த வழியாக வராது" என்கிறோம் இல்லையா, அந்த 'வராது' அது. நீங்களே கட்டில் வராது என்று முடிவு கட்டிவிட்டால் ஜூன் 30 வரை எதற்குக் கெடு? இன்னொன்றும் கவனியுங்கள். 'வரவில்லை' என்பதில் காலம் காட்டும் உறுப்பு ஏதும் இல்லை. 'வந்தது' என்பதற்கும் 'வருகிறது' என்பதற்கும் எதிர்மறை அந்த ஒரே சொல்தான். நேற்று வரவில்லையா, இப்போதும் வரவில்லையா என்பதை அது தானாகச் சொல்லாது. எனவே பக்கத்தில் ஒரு காலச்சொல் கட்டாயம் வேண்டும். 'இன்று வரை' போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் கடிதம் கடைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும், பின்னால் ஆணையத்தின் கோப்பிலும் அது உட்காரலாம். அதைப் படிப்பவருடைய 'இன்று' வேறு. ஆகவே "இன்று (24.06) வரை" என்று தேதியோடு எழுதுங்கள்.

"போன் செய்தால் நாளை வருகிறது என்பார்கள்" என்ற வரியில் இலக்கணப் பிழை இல்லை. 'என்பார்கள்' எதிர்கால வடிவம்தான், ஆனால் தமிழில் வழக்கமாக நடப்பதைச் சொல்லவும் அதுதான் பயன்படும். கதையில் அழகாக இருக்கும். புகாரில் அது பலவீனம். எத்தனை முறை, எப்போது, யார் என்று எதுவும் அதில் இல்லை. நான் வேலை பார்த்த மேசையில் இப்படி ஒரு வரி வந்தால் "தங்கள் அழைப்பு குறித்துப் பதிவு ஏதும் இல்லை" என்று எழுதிவிடுவது வழக்கம். உங்கள் போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து தேதிகளை எடுங்கள், எடுத்து இறந்தகாலத்தில் எழுதுங்கள்: "14, 17, 21 ஆகிய தேதிகளில் தொலைபேசியில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் அனுப்புவதாகப் பதில் கிடைத்தது." அவர் சொன்ன 'நாளை', உங்கள் வாக்கியத்துக்குள் வரும்போது 'மறுநாள்' ஆகிவிடும். இங்கேயும் அதே 'அனுப்புவதாக' வந்திருப்பதைப் பாருங்கள்.

கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்தே பார்க்கலாம். 'வரவில்லை என்றால்' பேச்சில் எல்லாக் காலத்துக்கும் ஓடும், எழுத்தில் 'அனுப்பாவிட்டால்' தெளிவு. 'விட்டால்' இறந்தகாலம் மாதிரி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 'வந்தால்', 'கொடுத்தால்' எல்லாமே இறந்தகால அடியில் இருந்து உருவாகின்றன, ஆனால் நிபந்தனையாக வரும்போது அந்த அடி காலத்தைக் காட்டுவதில்லை. காலத்தைச் சொல்வது வாக்கியத்தின் முடிவில் வரும் வினை. அங்கே 'புகார் அளிக்கிறேன்' என்று நிகழ்காலம் போட்டிருக்கிறீர்கள். "நாளைக்கு வர்றேன்" என்று பேசுவது போன்றதுதான் இது. கடிதத்தில் அது இந்தக் கடிதமே புகார் என்பது போலவோ, புகார் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பது போலவோ தோன்றும். 'அளிப்பேன்' என்று எதிர்காலத்தில் எழுதுங்கள். 'எதிர்பார்த்தேன்' என்றால் முன்பு எதிர்பார்த்தேன், இப்போது இல்லை என்றாகிவிடும். அதை எடுத்துவிட்டு, கேட்பதை 'தர வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள்.

இனி முழுக் கடிதம். தேதிகளையும் தொகைகளையும் உங்கள் ரசீதோடு ஒத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, தொலைபேசி எண்)
பெறுநர்: மேலாளர் அவர்கள், (கடையின் பெயர், முகவரி)
நாள்: 24.06 (ஆண்டு)
பொருள்: கட்டில் டெலிவரி தாமதம் தொடர்பாக, ரசீது எண் ____

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜூன் 2 அன்று தங்கள் கடையில் ஒரு மரக் கட்டில் ஆர்டர் செய்து, ரூ.10,000 முன்பணம் செலுத்தினேன். ஜூன் 12க்குள் கட்டிலை என் வீட்டுக்கு அனுப்புவதாகத் தாங்கள் சொன்னீர்கள். அந்தத் தேதி ரசீதிலும் குறிக்கப்பட்டுள்ளது.

இன்று (24.06) வரை கட்டில் வந்து சேரவில்லை. ஜூன் 14, 17, 21 ஆகிய தேதிகளில் தொலைபேசியில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் அனுப்புவதாகப் பதில் கிடைத்தது. முன்பணம் இன்று வரை தங்களிடமே உள்ளது.

ஜூன் 30க்குள் கட்டிலை அனுப்பிவைக்க வேண்டும். இயலாவிட்டால் அதே தேதிக்குள் முன்பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிப்பேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

ரசீதில் டெலிவரி தேதி எழுதப்படாமல் இருந்தால் "ரசீதிலும் குறிக்கப்பட்டுள்ளது" என்ற பகுதியை எடுத்துவிடுங்கள். இல்லாததை இருக்கிறது என்று எழுதினால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். வாட்ஸ்அப்பில் அந்தத் தேதியைச் சொல்லியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். 'இணைத்துள்ளேன்' என்பது, செய்து முடித்த செயலின் பலன் இப்போதும் கண்முன் இருக்கிறது என்று சொல்லும் வடிவம். நகல் உறைக்குள் இருக்கிறது, அதனால் இங்கே அது பொருந்துகிறது. 'இணைக்கிறேன்' என்றாலும் பிழை சொல்ல மாட்டேன்.

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை ஒரு நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30 தாண்டியும் அசைவு இல்லை என்றால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து பார்க்கலாம். ஆணையத்துக்குப் போவதானால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாருக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்த நாள் எது என்பதைக் காட்டுவதற்கும் 'ஜூன் 12க்குள் அனுப்புவதாக' என்ற வரி உதவும்.

கடிதம் போன பிறகு கட்டில் சட்டென்று வந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு. வண்டியோடு வருபவர் ஒரு சீட்டை நீட்டுவார். அதில் "பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சாகியிருக்கும். அதுவும் இறந்தகாலம்தான். கட்டிலைப் பிரித்து, கால்களையும் பலகைகளையும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவர் அவசரப்படுத்தினால் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று சீட்டிலேயே எழுதி, தேதியையும் நேரத்தையும் போட்டு, உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.