டிசிஎஃப்பில் 76 கோடி, ஒப்பீட்டில் 12 கோடி: எங்கே பிசகு?

"எங்கள் புதுக் கம்பெனியின் மதிப்பைக் கணக்கிட்டேன். 5 வருடக் கணிப்பு, தள்ளுபடி விகிதம் 12%, நிரந்தர வளர்ச்சி 7%. வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் டிசிஎஃப் முறை 76 கோடி ரூபாய் காட்டுகிறது. லிஸ்டட் கம்பெனிகளின் விற்பனை மடங்கு 3, அதாவது மதிப்பு வருட விற்பனையைப் போல் மூன்று மடங்கு. எங்கள் விற்பனை 4 கோடி, அதனால் 12 கோடிதான். எது தப்பு?"

இரண்டுமே. பெரிய தப்பு டிசிஎஃப்பில்.

ஐந்தாம் வருடப் பணவரவு 6 கோடி என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அதற்குப் பிந்தைய எல்லா வருடப் பணவரவுக்குமான இறுதி மதிப்பு 6 × 1.07 / 0.05 = 128 கோடி, இன்றைய மதிப்பில் 73. மொத்தம் 76-இல் 73 அந்த ஒரே செல்லில் இருக்கிறது! வளர்ச்சியை மட்டும் 5% ஆக்கிப் பாருங்கள், 73 என்பது 51-க்கு இறங்கிவிடும்.

12% என்பது நிலைபெற்ற கம்பெனிக்கான விகிதம். ஐந்து வருடம் கழித்து, இறுதி மதிப்பைக் கணக்கிடும்போது அது பொருந்தும். அதுவரை தாக்குப்பிடிக்குமா என்றே தெரியாத கம்பெனிக்குப் பொருந்தாது. ஆகவே:

1. இறுதி மதிப்பு: தள்ளுபடி 12%, வளர்ச்சி 5% வைத்து 90 கோடி.
2. அதையும் ஐந்து வருடப் பணவரவையும் 30%-இல் தள்ளுபடி செய்யுங்கள். சுமார் 25 கோடி வரும்.

ஒப்பீட்டில், மடங்கை இன்றைய விற்பனையில் பெருக்கியதுதான் கோளாறு. ஐந்தாம் வருட விற்பனை 20 கோடி என்றால் 60 கோடி. 30%-இல் தள்ளினால் 16. இப்போது 16-க்கும் 25-க்கும் நடுவே பேசலாம்.

ஒன்று கவனம்: அந்த 30%-க்குள் தோல்வி அபாயமும் அடக்கம். பணவரவை ஏற்கெனவே தோல்வி வாய்ப்பால் குறைத்திருந்தால், விகிதத்தையும் ஏற்றாதீர்கள். ஒரே அபாயத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.