ஏஜென்சி மூலமா பார்த்த வேலையை சிவியில ஒண்ணா எழுதறது

கேள்வி: டர்பன்ல அஞ்சு வருஷமா ஏஜென்சி மூலமா டெம்ப் வேலைதான் பார்க்கறேன், ஒன்பது கம்பெனி ஆயிடுச்சு. எல்லாத்தையும் சிவியில போட்டா வேலை தாவறவன் மாதிரி தெரியுது, போடலைன்னா அஞ்சு வருஷம் சும்மா இருந்த மாதிரி தெரியுது. என்ன செய்யறது?

பதில்:

நானும் ஆறு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன், ஜேக்கப்ஸ், பைன்டவுன், ப்ராஸ்பெக்டன்னு பாக்டரி பாக்டரியா, அப்புறம் ஒரு கம்பெனில பெர்மனென்ட் ஆகி இப்ப அக்கவுன்ட்ஸ்க்கு ஆள் எடுக்கறப்ப வர்ற சிவியெல்லாம் படிக்கற இடத்துல இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க எம்ப்ளாயர்னு எழுத வேண்டியது ஏஜென்சியோட பேரு, நீங்க போய் உட்கார்ந்த கம்பெனியோட பேரு இல்ல. உங்களுக்கு சம்பளம் போட்டது யாரு, யுஐஎஃப் கட்டினது யாரு, வருஷா வருஷம் வர்ற ஐஆர்பி5ல யாரு பேரு இருக்குன்னு எடுத்துப் பாருங்க, ஏஜென்சிதான். மூணு மாசத்துக்கு மேல ஒரே இடத்துல இருந்தா, சம்பளமும் ஒரு வரம்புக்குக் கீழ இருந்தா, தொழிலாளர் உறவுச் சட்டம் 198ஏ பிரிவுப்படி க்ளையன்ட்தான் முதலாளின்னு அரசியலமைப்பு நீதிமன்றம் 2018ல சொல்லியிருக்கு, ஆனா அது அந்தச் சட்டத்துக்குள்ள உங்க உரிமைக்காக, சம்பள ரிக்கார்ட் அப்பவும் ஏஜென்சிகிட்டதான் இருக்கும். நான் ஆரம்பத்துல பெரிய கம்பெனி பேரா இருக்கே, நல்லா இருக்கும்னு க்ளையன்ட் பேரையே எம்ப்ளாயரா போட்டுட்டேன், செக் பண்ணினவங்க அந்த கம்பெனி எச்ஆருக்கு போன் போட்டா "அப்படி ஒருத்தர் எங்க லிஸ்ட்ல இல்ல"ன்னு பதில் வந்துடுச்சு, பொய் சொல்றேன்னு நினைச்சு கைக்கு வந்த ஆஃபர் மூணு வாரம் நின்னுபோச்சு. நான் ஒன்பது மாசம் வேலை பார்த்த இடம் அது!

இப்ப எழுதற முறைக்கு வர்றேன். போன வருஷம் ஃபீனிக்ஸ்ல இருக்கற எங்க நாத்தனாருக்கு செஞ்சதையே சொல்றேன். அவளோட சிவி நாலு பக்கம், பதினோரு கம்பெனி, ஒவ்வொண்ணுக்கும் கீழ அதே "இன்வாய்ஸ் கேப்சர், ஃபைலிங்"ன்னு திரும்பத் திரும்ப. நான் அதைத் தொடவே இல்ல, ஒரு நோட்டுல கோடு போட்டு கம்பெனி, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம், என்ன வேலைக்காக கூப்பிட்டாங்க, எந்த சிஸ்டம், ஏன் முடிஞ்சதுன்னு பதினோரு வரி எழுத வச்சேன். மூணாவது கட்டம்தான் முக்கியம், எதுக்கு கூப்பிட்டாங்கங்கறது. அதை எழுதினதும் தானா தெரிஞ்சுபோச்சு: பதினொண்ணுல எட்டு இடத்துலயும் சப்ளையர் ஸ்டேட்மென்ட் மாசக்கணக்கா ஒத்துப் பார்க்காம தேங்கிப் போய், ஆடிட் வர்றதுக்கு முன்னாடி அதை க்ளியர் பண்ணத்தான் அவளை கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு இடம் ரிசப்ஷன், ஒண்ணு ரெண்டு வாரம் ஸ்டாக் டேக். அவ அதுவரைக்கும் தன்னை "ஜெனரல் அட்மின்"னுதான் நினைச்சுட்டு இருந்தா, ஏன்னா ஏஜென்சி பேப்பர்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு இருக்கும்.

அதுக்கப்புறம் தலைப்பு இப்படி வந்துச்சு (நீங்க இங்கிலீஷ்ல எழுதுவீங்க, நான் தமிழ்லயே சொல்றேன்): கான்ட்ராக்ட் கிரெடிட்டர்ஸ் கிளார்க், மார்ச் 2019 முதல் நவம்பர் 2023 வரை, அதுக்கு கீழ ரெண்டு ஏஜென்சி பேரும் எந்த ஏஜென்சி எந்த மாசம் வரைங்கறதும். அடுத்து ஒரே வரி: "தேங்கின சப்ளையர் கணக்குகளை ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பார்த்து ஆடிட்டுக்கு தயார் பண்றதுக்காக எட்டு கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்டேன்." அதுக்கு கீழ எந்த மாதிரி கம்பெனிங்கன்னு ஒரு வரி, பெயின்ட் பாக்டரி, மருந்து டிஸ்ட்ரிப்யூட்டர், க்ளியரிங் ஏஜென்ட்னு. அப்புறம் மூணே மூணு பாயின்ட்: மாசம் எத்தனை ஸ்டேட்மென்ட், எந்தெந்த சிஸ்டம் (பாஸ்டெல், சிஸ்ப்ரோ, எஸ்ஏபி), முடிவுல என்ன ஆச்சு. ரிசப்ஷனும் ஸ்டாக் டேக்கும் கடைசில "இதே காலத்துல மத்த குறுகிய வேலைகள்"னு ஒரு வரி, அவ்வளவுதான். அதை முழுசா எடுத்துடாதீங்க, எடுத்தா மாசம் இடிக்கும்.

கணக்குல கவனமா இருக்கணும். மார்ச் 2019லேர்ந்து நவம்பர் 2023 வரைக்கும் 57 மாசம், ஆனா எட்டு இடத்துல கிரெடிட்டர்ஸ் வேலை பார்த்தது கூட்டினா 39 மாசம்தான், அதனால "மூணே கால் வருஷ அனுபவம்"னுதான் போட்டோம், அஞ்சு வருஷம்னு இல்ல. அதே மாதிரி ஸ்டேட்மென்ட் எண்ணிக்கையை எட்டு இடத்துக்கும் கூட்டி ஒரு பெரிய நம்பர் போடணும்னு தோணும், போடாதீங்க, படிக்கறவங்களுக்கு அது எந்த இடத்து சுமைன்னு புரியாது, "மாசம் 60லேர்ந்து 220 வரை"ன்னு போட்டா சின்ன இடத்துலயும் பெரிய இடத்துலயும் சமாளிச்சிருக்கான்னு உடனே தெரியும். கடைசி பாயின்ட்டுக்கு ஒரே ஒரு இடத்தை விவரமா எழுத வச்சேன்: 120 நாளுக்கு மேல நின்ன தொகையெல்லாம் ஏன் நிக்குதுன்னு பிரிச்சதுல பாதிக்கு மேல சரக்கு வந்த ரசீது இன்வாய்ஸோட சேராததால, மீதி சப்ளையர் அனுப்பின கிரெடிட் நோட் யாரும் போடாததால. வேலை தெரிஞ்சவங்க மட்டும்தான் இதை எழுத முடியும், நான் சிவி படிக்கறப்ப இந்த மாதிரி வரியிலதான் நிப்பேன்.

இடைவெளி பத்தி பயப்படாதீங்க. நம்ம ஊர்ல டிசம்பர் நடுவுல பாக்டரி மூடினா ஜனவரில பாதி போனப்புறம்தான் டெம்ப் ஆளை திரும்ப கூப்பிடுவாங்க, ஒவ்வொரு வருஷமும் கான்ட்ராக்ட் அப்படித்தான் அறுந்து நிக்கும், தனித்தனியா எழுதினா ஒவ்வொரு டிசம்பரும் யாரோ வெளிய அனுப்பின மாதிரி தெரியும், ஒரே தலைப்புக்கு கீழ போட்டா அந்தப் பிரச்சனையே இல்ல. ஆனா லாக்டவுன்ல 2020ல மாசக்கணக்கா வேலை இல்லாம இருந்தது மாதிரி பெரிய இடைவெளியை மறைக்காம மாசத்தோட ஒரு வரி எழுதிடுங்க.

ரெண்டு இடத்துல இந்த முறை சரிப்படாது. ஒரு க்ளையன்ட் உங்களை அவங்க பேரோல்லயே எடுத்துக்கிட்டா அந்த தேதிலேர்ந்து அது தனி வேலை, தனி தலைப்பு. இன்னொண்ணு, ஆன்லைன் ஃபார்ம்ல எம்ப்ளாயர்னு கட்டம் இருந்தா ஒவ்வொரு ஏஜென்சிக்கும் தனித்தனியா நிரப்புங்க, ரெண்டையும் ஒரு கட்டத்துல சேர்த்தா தேதி ஐஆர்பி5ஓட ஒத்துப்போகாது. க்ளையன்ட் பேரை வெளில சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா தொழில் வகை மட்டும் போதும்.

இதையெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி ஏஜென்சிகிட்ட சர்விஸ் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க, பிசிஇஏ சட்டம் 42ஆம் பிரிவுப்படி வேலை முடிஞ்சா அவங்க குடுத்தே ஆகணும், ஆரம்ப தேதியும் முடிஞ்ச தேதியும் அதுல இருக்கும். நாத்தனார் கேட்டப்ப முதல் ஏஜென்சி இழுத்தடிச்சாங்க, மூணு தடவை ஈமெயில் போட்டப்புறம்தான் வந்துச்சு, அதுல பார்த்தா ஒரு வேலை அவ நினைச்சுட்டு இருந்ததை விட ஒரு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கு. நல்லவேளை சிவி அனுப்பறதுக்கு முன்னாடி திருத்திட்டோம், நான் மேல சொன்ன 39 மாசம் அதுக்கப்புறம் வந்த கணக்கு. நாலு பக்கம் ஒன்றரை பக்கம் ஆச்சு. அந்த பதினோரு வரி நோட்டை அவ இன்டர்வியூக்கும் கைல எடுத்துட்டுப் போனா, எந்த கம்பெனில எந்த சிஸ்டம்னு அவங்க கேட்டப்ப பார்த்து பார்த்து பதில் சொன்னாளாம்.