ஓடிடியில் பணம் கட்டிப் பார்க்கும் படத்தை ஏன் கணினியில் சேமிக்க முடியவில்லை? விமானத்தில் பார்க்க வேறு வழி உண்டா?

உலாவியில் ஏதேனும் ஒரு நீட்சியை நிறுவி முயன்றிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். சில விநாடித் துண்டுகளாக வரும் படத்தை அந்த நீட்சி ஒட்டி ஒரே கோப்பாக்கியது. கால அளவைச் சரியாகக் காட்டிய அந்தக் கோப்பு, ஓடவிட்டதும் சாம்பல் நிறக் கட்டங்களை மட்டுமே காட்டியது. கோப்பில் பழுது எதுவும் இல்லை. கால அளவு போன்ற விவரங்கள் திறந்திருக்க, காட்சி மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கான சாவியைச் சேவையின் உரிம வழங்கி தனியே அனுப்புகிறது. உலாவிக்குள் இருக்கும் வைட்வைன் போன்ற மூடிய கூறு அதைப் பெற்றுக்கொள்கிறது, நீட்சிக்குக் காட்டுவதில்லை. பல கைபேசிகளில் திரையைப் பதிவு செய்தால் கருந்திரை மட்டும் கிடைப்பதற்கும், பூட்டு நீங்கிய காட்சி பதிவுச் செயலிக்கு எட்டாத வழியில் திரையை அடைவதே காரணம்.

சந்தா கட்டியவருக்குப் படத்தைச் சேமித்துக்கொள்ளும் உரிமை இல்லையா என்று சிலர் வாதிடக்கூடும். அவர்களுடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் கட்டுவது பார்ப்பதற்கான கட்டணம். மேலும் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது.

முறையான வழி, செயலியிலேயே இருக்கும் பதிவிறக்கப் பொத்தான். அதிலும் நான் ஒருமுறை தவறினேன். ஞாயிறு காலை சாங்கியிலிருந்து திருச்சிக்குப் புறப்படவிருந்த அம்மாவுக்காக, வியாழன் இரவு இரண்டு படங்களை அவருடைய கைபேசியில் இறக்கினேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இரண்டையும் பத்து நிமிடம் ஓடவிட்டேன். அந்தச் சேவையில் அவ்விரு படங்களுக்கும் முதன்முறை ஓடவிட்ட கணத்திலிருந்து 48 மணி நேரமே அனுமதி என்பதை நான் கவனிக்கவில்லை. விமானத்தில் அம்மா திறந்தபோது காலாவதி அறிவிப்புதான் வந்தது. புதுப்பிக்க இணையம் தேவைப்பட்டதால், நான்கு மணி நேரப் பயணம் முழுவதும் அவர் வெறுந்திரையோடு அமர்ந்திருந்தார். கோப்பு கைபேசியிலேயே இருந்தது. உரிமத்தின் கெடுதான் முடிந்திருந்தது.

ஆகவே, இறக்கியதை முன்கூட்டியே ஓடவிடாதீர்கள். பதிவிறக்கப் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் அருகில் மீதமுள்ள நாள் காட்டப்படுகிறதா என்று பாருங்கள்; காலாவதி என்றிருந்தால் வீட்டு வைஃபையிலேயே புதுப்பித்துவிடுங்கள். சோதித்தே தீரவேண்டுமென்றால், புறப்படும் நாளன்று கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். சில சேவைகளின் உரிமம் நாட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், தரையிறங்கி இணையத்தில் இணைந்தபின் அதே படம் திறக்காமலும் போகலாம்.

சந்தா வேண்டாமென்றால் ஆப்பிள் டிவி செயலியில் வாடகைக்கு எடுத்து இறக்கலாம்: தொடங்குவதற்கு 30 நாள், தொடங்கியபின் முடிப்பதற்கு 48 மணி நேரம். படத்தை எந்தச் சாதனத்திலும் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டுமானால், உரிமையாளரே பூட்டின்றி விற்கும் கோப்பைத்தான் தேடவேண்டும். திரைப்படங்களில் அது அரிது, சுயாதீன ஆவணப்படங்களில் சில கிடைக்கும்.