வைட்டமின் ஏ, டி, இ லேபிள்: யூனிட்டா, மைக்ரோகிராமா, மில்லிகிராமா? ஒரு மருந்தாளுநரிடம் கேள்வி பதில்

கைக்குழந்தையின் தாய், திருச்சி: பாப்பாவுக்கு ரெண்டு மாசம். தினமும் 400 யூனிட் வைட்டமின் டி தரச் சொன்னார் டாக்டர். இங்கே வாங்கின பாட்டிலில் 1 மி.லி. கொடுத்துட்டு வந்தேன். இப்போ நாத்தனார் கனடாவிலிருந்து ஒரு சின்னக் குப்பி அனுப்பியிருக்காங்க. '10 மைக்ரோகிராம்'னு போட்டிருக்கு. மொத்தமே 2.5 மி.லி., 90 சொட்டாம். இதையும் 1 மி.லி. கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. அந்தக் குப்பியில் ஒரே ஒரு சொட்டுதான் ஒரு நாள் அளவு. வைட்டமின் டியில் 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். ஆகவே 10 மைக்ரோகிராமும் உங்கள் டாக்டர் எழுதிய 400 யூனிட்டும் ஒன்றே. ஆனால் அந்த 10 மைக்ரோகிராம் எதற்குள் இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். இங்கே வாங்கிய பாட்டிலில் அது 1 மி.லி.யில் இருக்கிறது, கனடாக் குப்பியில் ஒரு சொட்டில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 சொட்டு, சொட்டுக்கு 400 யூனிட் என்றால் குப்பி முழுக்க 36,000 யூனிட். அதை 2.5 மி.லி.யால் வகுத்தால் ஒரு மி.லி.யில் 14,400 யூனிட் வரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 1,000 யூனிட்தான்.

பழைய பாட்டிலின் டிராப்பரை எடுத்துப் புதிய குப்பியில் விட வேண்டாம். சில டிராப்பர்களில் 400 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் என்பதைக் கவனிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2010-ல் எச்சரித்தது. நம் கடைகளிலும் மி.லி.க்கு 400 யூனிட், 800 யூனிட் என இரண்டு வகை கிடைக்கும். அடுத்த முறை 800 வகை கைக்கு வந்தால் அரை மி.லி.தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பாட்டில் வாங்கும்போதும் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

மகன், தூத்துக்குடி: அம்மாவுக்கு வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷே எழுதியிருக்காங்க. அண்ணன் துபாயிலிருந்து '50 மைக்ரோகிராம்' டி3 மாத்திரை கொண்டுவந்தார். 60,000 எங்கே, 50 எங்கே? இது வெறும் சத்து மாத்திரைதானே, சாஷேயோடு சேர்த்து தினமும் ஒண்ணு போட்டா என்ன?

50 மைக்ரோகிராம் என்றால் 2,000 யூனிட். 60,000 யூனிட் என்பது 1,500 மைக்ரோகிராம், அதாவது 1.5 மில்லிகிராம். சில அட்டைகளில் '1.5 மி.கி.' என்றும் போட்டிருக்கும், அதைப் பார்த்து மிகச் சிறிய அளவு என்று நினைத்துவிடக் கூடாது. சாஷேயை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஏறத்தாழ 214 மைக்ரோகிராம் வரும். உங்கள் அண்ணன் கொண்டுவந்த மாத்திரையில் நான்குக்குச் சற்று மேல். அம்மாவுக்கு ஏற்கெனவே சிகிச்சை அளவு போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொன்று வேண்டாம். சாஷே கோர்ஸ் முடிந்த பிறகு அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொள்வது. அப்படிப் போட்டால் ஒரு மாதத்தில் 18 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், வயதானவர்களுக்கு மனக்குழப்பம் எல்லாம் வரும். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் விடாது. அம்மாவிடம் இந்த அறிகுறிகளில் எதையாவது பார்த்தால் சாஷேக்களை எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால் அன்றே டாக்டரிடம் சொல்லி, ரத்தக் கால்சியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளி, சேலம்: நான் போடும் இன்சுலினிலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட்னுதான் இருக்கு. அதே 40 தானே இது?

இல்லை ஐயா, எண் ஒன்றாக இருப்பது தற்செயல். இன்சுலின் பாட்டிலின் 40, ஒரு மி.லி. திரவத்தில் எத்தனை யூனிட் என்று சொல்கிறது. வைட்டமின் டியின் 40, ஒரு மைக்ரோகிராம் எடையில் எத்தனை யூனிட் என்று சொல்கிறது. வைட்டமின் சொட்டு மருந்தை இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து அதன் கோடுகளை வைட்டமின் யூனிட்டாகப் படிக்கவே கூடாது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்: யூனிட்டை 40-ஆல் வகுத்தால் மைக்ரோகிராம் என்று மேலே சொல்லிவிட்டீர்கள். என் மீன் எண்ணெய் மாத்திரையில் வைட்டமின் ஏ 4,000 யூனிட். ஆக 100 மைக்ரோகிராம். சரிதானே?

வகுத்தது சரி, வகுத்த எண்தான் தவறு. 40 வைட்டமின் டிக்கு மட்டும். யூனிட் என்பது எடை அல்ல, உடலில் ஒரு பொருள் செய்யும் வேலையின் அளவு. ஒவ்வொரு வைட்டமினுக்கும் அந்த வேலையைத் தனித்தனியாக வரையறுத்திருக்கிறார்கள். மீன் எண்ணெயில் இருப்பது ரெட்டினால் வகை. அதில் ஒரு யூனிட் 0.3 மைக்ரோகிராம். 4,000-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 1,200 மைக்ரோகிராம். உங்கள் விடை பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

கர்ப்பிணி, சிங்கப்பூர்: எனக்கு மூன்றாவது மாதம். பழைய அமெரிக்க மல்டிவைட்டமின் பாட்டில் ஒன்று இருக்கிறது. 'வைட்டமின் ஏ 8,000 யூனிட், 75% பீட்டா கரோட்டினாக' என்று போட்டிருக்கிறது. மாமியார் காட் லிவர் ஆயிலும் தினம் ஒரு டீஸ்பூன் குடிக்கச் சொல்கிறார். மொத்தம் அதிகமாகிவிடுமா?

கர்ப்பத்தில் எச்சரிக்கை தேவைப்படுவது ரெட்டினால் வகைக்குத்தான். தொடக்க மாதங்களில் அது மிகுந்தால் சிசுவின் உருவாக்கத்தையே பாதிக்கலாம். பெரியவர்களுக்கு அதன் வரம்பு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட். பீட்டா கரோட்டின் இந்த வரம்புக்குள் வராது, ஏனென்றால் உடல் தனக்கு வேண்டிய அளவுக்கே அதை ரெட்டினாலாக மாற்றிக்கொள்கிறது.

எனவே முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 8,000-இல் 75 விழுக்காடான 6,000 யூனிட்டைத் தள்ளிவையுங்கள். மீதி 2,000 யூனிட் ரெட்டினால், 0.3-ஆல் பெருக்கினால் 600 மைக்ரோகிராம். காட் லிவர் ஆயில் ஒரு டீஸ்பூனில் சுமார் 4,500 யூனிட் இருக்கும், அது 1,350 மைக்ரோகிராம். இரண்டும் சேர்ந்து 1,950. வரம்பைத் தாண்டவில்லை, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. அதன் மேல் ஒரு நாள் ஆட்டு ஈரல் சமைத்தால் போதும். 100 கிராம் ஈரலே தனியாக வரம்பை மீறிவிடும்.

என் யோசனை, எண்ணெயை விட்டுவிடுங்கள், கர்ப்பகாலம் முடியும்வரை ஈரலையும் தவிருங்கள். பாட்டில் பழையது என்பதால் காலாவதித் தேதியையும் பாருங்கள். அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் 2020-லும் சிறியவை 2021-லும் மைக்ரோகிராம் லேபிளுக்கு மாறிவிட்டன. யூனிட் மட்டுமே போட்ட பாட்டில் என்றால் அநேகமாக அதற்கு முந்தையது. இதே லேபிளை உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

சிறுதொழில் செய்பவர், ஈரோடு: முருங்கைப் பொடி பாக்கெட் போடுகிறோம். ஆய்வக அறிக்கையில் 100 கிராமுக்கு வைட்டமின் ஏ 12,000 யூனிட், எல்லாம் பீட்டா கரோட்டின். 0.3-ஆல் பெருக்கி 3,600 மைக்ரோகிராம்னு அச்சடிக்கலாமா?

அச்சடிக்காதீர்கள், ஆறு மடங்கு கூடிவிடும். கீரை, கேரட் போன்ற உணவில் உள்ள பீட்டா கரோட்டினுக்கு யூனிட்டுக்கு 0.05 மைக்ரோகிராம்தான். 12,000-க்கு 600 வரும். அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாக எண்ணெயில் கலந்து கொடுக்கும்போதுதான் 0.3 பொருந்தும். இலையின் செல்லுக்குள் சிக்கியிருப்பதை உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னும் நல்ல வழி, ஆய்வகத்திடம் யூனிட்டாகக் கேட்காமல் பீட்டா கரோட்டினை மைக்ரோகிராமில் கேளுங்கள். அதை 12-ஆல் வகுத்தால் லேபிளுக்கான எண் நேரே கிடைக்கும்.

மகள், மதுரை: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கால் குடைச்சலுக்கு யாரோ சொல்லி வைட்டமின் இ 400 மி.கி. கேப்சூல் எடுக்கிறார். தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பியதில் '180 மி.கி.' என்று இருக்கிறது. பாதி அளவுதானே, அது பரவாயில்லையா?

இரண்டும் ஒரே அளவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் ஊர் அட்டையில் 'டோக்கோஃபெரில் அசிடேட் 400 மி.கி.' என்று இருந்தால் அது பொதுவாகச் செயற்கை வகை. அதில் ஒரு மில்லிகிராம் ஒரு யூனிட், ஆக 400 யூனிட். புதிய அமெரிக்க லேபிள் பொருளின் மொத்த எடையைப் போடாமல் உடலுக்குப் பயன்படும் பங்கை மட்டும் போடுகிறது. செயற்கை வகைக்கு யூனிட்டுக்கு 0.45 மி.கி. என்ற கணக்கில் 400 யூனிட் 180 மி.கி. ஆகிறது.

ஆனால் அப்பாவின் நிலையில் கணக்கு இரண்டாம்பட்சம். வைட்டமின் இ அதிகமானால் ரத்தம் உறைவது தாமதப்படும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், லேபிளில் காட்டாத பயன்படாத பங்கும் அந்த ஆபத்தில் சேரும். ஆகவே 180 என்ற எண்ணைப் பார்த்துத் துணிய வேண்டாம். இரண்டு அட்டைகளையும் வார்ஃபரின் எழுதிய டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு, கருத்த மலம் தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

கணித ஆசிரியர், மீண்டும்: வைட்டமின் இயில் ஒரு யூனிட் 0.67 மி.கி. என்று படித்தேன். 400-ஐ 0.67-ஆல் வகுத்தால் 597 யூனிட் வருகிறதே?

0.67 என்ற எண் உண்மைதான் ஐயா, இயற்கை வகைக்கு உரியது. அங்கே 400 யூனிட் என்றால் 268 மி.கி. வேதிப் பெயரின் முன்னொட்டைப் பாருங்கள். 'டி-ஆல்பா' என்றால் இயற்கை, 'டிஎல்-ஆல்பா' என்றால் செயற்கை. ஓர் எழுத்துதான் வித்தியாசம். செயற்கையில் எட்டு உருவ வகைகள் கலந்து உருவாகின்றன, அவற்றில் நான்கைத்தான் உடல் தக்கவைத்துப் பயன்படுத்துகிறது. அதனால்தான் 0.45. தவிர, நீங்கள் வகுத்த 400 அசிடேட்டின் மொத்த எடை. 0.67 பயன்படும் பங்கின் எடைக்கானது.

கணித ஆசிரியர்: என் பாட்டிலில் 'வைட்டமின் இ 200 யூனிட்' என்று மட்டும் இருக்கிறது. முன்னொட்டே இல்லை. எந்த எண்ணை எடுப்பது?

அந்த லேபிளை வைத்து முடிவு சொல்ல முடியாது. இயற்கை என்றால் 134 மி.கி., செயற்கை என்றால் 90. பின்பக்கச் சிறிய எழுத்தில் மூலப்பொருள் வரியைத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் பாட்டிலின் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் எந்த வகை என்று எழுதிக் கேளுங்கள்.