கழுத்தோரம் எட்டிப் பார்க்கும் பட்டையை அழிப்பது

"போர்ட்ரெய்ட்டில் கழுத்தோரம் பிரா பட்டை கொஞ்சம் தெரிகிறது. ஃபோட்டோஷாப்பில் எப்படி மறைப்பது?"

பட்டை துணியோரத்தைத் தொடும் இடம்தான் சிக்கல். ஹீலிங் பிரஷ் சுற்றியுள்ள நிறத்தையும் கலக்கும் என்பதால், அங்கே தேய்த்தால் சட்டை நிறம் தோலில் கறையாகப் படியும். குளோன் ஸ்டாம்ப்தான் சரி.

புதிய லேயர் ஒன்றைத் திறந்து, துணியோரம் வரை தோல் பகுதியை மட்டும் பென் டூலால் தேர்ந்தெடுத்து, 1 பிக்சல் ஃபெதர் கொடுங்கள். அப்புறம் Sample பட்டியலில் Current & Below வைத்து, பட்டைக்குப் பக்கத்துத் தோலிலிருந்தே எடுத்துப் பூசுங்கள். தோள் வளைவில் வெளிச்சம் சட்டென்று மாறும். தள்ளி எடுத்தால் திட்டாகத் தெரியும்.

பட்டை அழுத்திய கோடும் அதன் நிழலும் மிச்சமிருக்கும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சட்டையோர நிழலும் அழிந்திருந்தால், மென்மையான பிரஷால் மெலிதாகத் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் சட்டை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும்.