பழம் கண்ணெதிரே பிழிந்தும் வயிறு கெடுவது ஏன்?

"தள்ளுவண்டியில சாத்துக்குடி ஜூஸ், தண்ணியே சேர்க்க மாட்டார், ஐஸ் மட்டும்தான். இந்த மாசம் ரெண்டு தடவை வயித்தால போச்சு. ஐஸ் கிருமியைக் கொன்னுடாதா?"

கொல்லாது. உறைந்தால் கிருமிகளில் ஒரு பகுதி சாகும், மிச்சம் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும், டம்ளரில் ஐஸ் உருகியதும் பிழைத்துக்கொள்ளும். சாத்துக்குடியில் எலுமிச்சை அளவுக்குப் புளிப்பும் இல்லை, இருந்திருந்தாலும் நீங்கள் குடித்து முடிக்கிற ஐந்து நிமிடத்தில் அது எதையும் சாகடிக்காது.

வண்டிக்காரர் ஐஸை எதிலிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். சாக்கில் சுற்றிய பெரிய பாளத்தை உடைத்துப் போட்டால், அது மீன் பெட்டிக்குப் போகிற ஐஸாகவே இருக்கலாம். அந்த வகை ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கவேண்டும் என்று 2018இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொன்னது, ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே சாப்பிடும் ஐஸ் என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ் பரவாயில்லை, அதுவும் ஈரச் சாக்கில் கிடந்து, கையால் அள்ளப்பட்டால் கதை ஒன்றுதான்.

நான் செய்வது: ஐஸ் இல்லாமல் பிழியச் சொல்வேன், டம்ளரை ஒரே வாளியில் முக்கி எடுக்கிற கடை என்றால் அதுவும் வேண்டாம், எதிரே சீவித் தரும் இளநீர் போதும். சீல் வைத்த பாட்டில் ஐஸ் தண்ணீரில் கிடந்திருந்தால் வாயைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

அப்புறம், டைபாய்டு ஒன்றிரண்டு வாரம், மஞ்சள் காமாலை ஒரு மாதம் கழித்துக்கூட வரும். காய்ச்சல் மூன்று நாள் விடாமல் இருந்தால் டாக்டரிடம் இந்த ஜூஸையும் சொல்லுங்கள்.